புகை கண்டதும் என்னென்ன நடக்க வேண்டும்?

அடித்தளத்தில் வாகன நிறுத்தம், மேலே மூன்று கடைத் தளங்கள், நடுவே கூரைவரை திறந்த முற்றம், உச்சியில் ஃபுட் கோர்ட். இப்படி ஒரு வணிக வளாகத்துக்குத் தீ எச்சரிக்கை அமைப்பை வடிவமைப்பவர் முதலில் கட்டடத்தை மண்டலங்களாகப் பிரிக்கிறார். பெரிய கட்டடங்களில் ஒரு மண்டலம் ஒரே தளத்துக்குள் அடங்க வேண்டும், 2,000 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது பிரிட்டனின் பி.எஸ். 5839 விதி. கட்டுப்பாட்டுப் பலகையில் ஒளிரும் விளக்கைப் பார்த்ததும் காவலர் எங்கே ஓட வேண்டும் என்பது தெரிவதற்கே இந்தப் பிரிவு.

அடுத்து உணரிகள். கடைகளுக்கும் சரக்கு அறைகளுக்கும் புகை உணரி போதும். சமையலறையில் அதை வைத்தால் தாளிக்கும்போதெல்லாம் மணியடிக்கும். அங்கே வெப்ப உணரிதான் சரி. அதிலும் வெப்பம் ஏறும் வேகத்தை அளக்கும் வகை, அவன் கதவைத் திறந்தாலே ஏமாந்துவிடும். குறிப்பிட்ட வெப்பநிலையைத் தொட்டால் மட்டுமே இயங்கும் வகை தேவை. முற்றம்தான் சிக்கலான இடம். மேலே ஏறும் புகை வழியிலேயே குளிர்கிறது. வெயிலில் காய்ந்த கண்ணாடிக் கூரைக்கடியில் சூடான காற்று தேங்கியிருந்தால், அதற்குக் கீழேயே நின்றுவிடும். அதனால் முற்றத்தின் குறுக்கே ஒளிக்கற்றை உணரிகளை ஒன்றுக்கு மேற்பட்ட உயரங்களில் பொருத்துகிறார்கள்.

உணரி கண்டுபிடித்த பிறகு நடக்க வேண்டியதைச் சொல்வது காரண-விளைவு அட்டவணை. வரிசைகளில் காரணங்கள், பத்திகளில் விளைவுகள். முதல் தளத் துணிக்கடையின் சரக்கு அறையில் ஓர் உணரி மட்டும் புகையைக் கண்டால், பலகையில் ஒலி எழும். நேரில் போய்ப் பார்க்கக் காவலருக்குச் சில நிமிடம் கிடைக்கும். கூட்டத்தைக் காரணமின்றிக் கலைக்காமல் இருக்கவே இந்த இடைவெளி. அதற்குள் இரண்டாவது உணரியும் இயங்கினாலோ, யாராவது கை அழைப்புப் பெட்டியை அழுத்தினாலோ, காத்திருப்பு முடிந்தது. பின்னணி இசை நின்று வெளியேறும்படி அறிவிப்பு ஒலிக்கும். அந்தத் தளத்தின் ஏசி காற்றோட்டம் நிற்கும். மின்பூட்டுக் கதவுகள் திறக்கும். மாடிப்படிக்குள் புகை நுழையாதபடி அழுத்த விசிறிகள் ஓடும். லிஃப்ட்டுகள் தரைத்தளத்துக்கு இறங்கிக் கதவைத் திறந்து நிற்கும். ஸ்பிரிங்ளர் குழாயில் நீர் ஓடுவது தெரிந்தால் இடைவெளியே கிடையாது.

லிஃப்ட்டுப் பத்தியில்தான் அட்டவணையின் தரம் தெரியும். தரைத்தள லிஃப்ட் முகப்பிலேயே புகை என்றால், அங்கே இறக்குவது ஆட்களைத் தீக்கருகே கொண்டுவிடுவதாகும். அந்த வரிசையில் வேறு தளத்தைக் குறித்திருக்க வேண்டும். வயர் அறுந்தது போன்ற கோளாறுக்குத் தனி வரிசை உண்டு. அதற்குப் பலகையில் எச்சரிக்கை மட்டும், வெளியேற்றம் இல்லை.

நடைமுறையில் கெடுவது பெரும்பாலும் கடைக்காரர் மாறும்போதுதான். புதிய தடுப்புச் சுவருக்கு அப்பால் உணரியே இல்லாத அறை உருவாகும். அட்டவணையோ பழைய வரைபடத்தையே பேசும். சோதனைப் புகையை ஒவ்வொரு மண்டலத்திலும் ஊதி, அந்த வரிசையின் எல்லாப் பத்திகளையும் நேரில் பார்த்துக் குறித்தால் இது பிடிபடும். மின்சாரத்தைத் துண்டித்து, ஜெனரேட்டரில் ஒருமுறை சோதிப்பதும் அவசியம். விசிறி ஓடாமல் போவது அப்போதுதான் தெரியவரும்.