கடன் எழுதும்போதே பிறக்கும் பணம்

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, அவற்றின் மொத்த மதிப்பு சுமார் 15.41 லட்சம் கோடி ரூபாய். அன்று நாட்டில் புழங்கிய நோட்டுகளின் மதிப்பில் அது 86 சதவீதம். அதில் 99 சதவீதத்துக்கும் மேல் பிறகு வங்கிகளுக்குத் திரும்பி வந்துவிட்டது. அப்படியானால் அந்த வாரங்களில் நாட்டிலிருந்த பணம் குறைந்ததா, இல்லையா?

எதைப் பணம் என்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். மக்கள் கையில் இருந்த ரொக்கம் பாதிக்கும் கீழே விழுந்தது. கூலிக்கு வேலை செய்தவருக்கும் சந்தையில் காய் விற்றவருக்கும் பணம் உண்மையாகவே காணாமல் போனது. ஆனால் ரொக்கத்தையும் டெபாசிட்டுகளையும் சேர்த்து ரிசர்வ் வங்கி கணக்கிடும் அகன்ற அளவு பெரிதாக அசையவில்லை. கையிலிருந்தது கணக்கில் ஏறியது, அவ்வளவுதான்.

அந்த அகன்ற அளவுக்கு எம்-3 என்று பெயர். அதற்குள் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்துவிடலாம். முதலில் மக்கள் கையில் உள்ள நோட்டும் நாணயமும். வங்கியின் பெட்டகத்திலும் ஏடிஎம் இயந்திரத்துக்குள்ளும் இருக்கும் நோட்டுக்கட்டு இதில் சேராது. அது வங்கியின் கையிருப்பு மட்டுமே. நீங்கள் அட்டையைச் செருகி எடுத்த பிறகுதான் அது மக்களின் பணமாகிறது. இந்த ரொக்கத்தோடு, கேட்டவுடன் எடுக்கக்கூடிய டெபாசிட்டுகளைச் சேர்த்தால் எம்-1. நடப்புக் கணக்கு முழுவதும் இதில் வரும். சேமிப்புக் கணக்கை ரிசர்வ் வங்கி இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியை மட்டும் இங்கே வைக்கிறது. எம்-1 உடன் ஃபிக்சட் டெபாசிட் போன்ற தவணை வைப்புகளையும் சேமிப்புக் கணக்கின் மீதிப் பகுதியையும் சேர்த்தால் எம்-3. அஞ்சலகச் சேமிப்புகளைச் சேர்க்கும் எம்-2, எம்-4 என்ற இரண்டு அளவுகளும் உண்டு. அவற்றை இன்று அதிகம் பேர் கவனிப்பதில்லை. பணத்தின் போக்கைப் பேசுகிறவர்கள் பார்ப்பது எம்-3ஐத்தான்.

இவை அனைத்துக்கும் அடியில் எம்-0 இருக்கிறது. வெளியே புழங்கும் எல்லா நோட்டும், வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வைத்திருக்கும் இருப்பும் சேர்ந்தது அது. ரிசர்வ் வங்கி நேரடியாக உருவாக்கும் பணம் இது மட்டும்தான். எம்-3 அதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். மீதி நான்கு மடங்கு எங்கிருந்து வந்தது?

பலர் நம்பும் விடை இது: மக்கள் டெபாசிட் போடுகிறார்கள், வங்கி அதில் ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டு மீதியை எடுத்துக் கடன் கொடுக்கிறது, அது இன்னொரு வங்கிக்கு டெபாசிட்டாகப் போகிறது. கல்லூரிப் பாடநூல்களிலும் நெடுங்காலமாக இப்படித்தான் எழுதியிருக்கிறது. வங்கியின் கணக்குப் புத்தகத்தில் நடப்பது இந்த வரிசையில் இல்லை. இங்கிலாந்து வங்கியே 2014இல் தன் காலாண்டு இதழில் இதைத் தெளிவாக எழுதியது: டெபாசிட் வந்து கடன் பிறப்பதில்லை, கடன் எழுதப்படும்போதுதான் டெபாசிட் பிறக்கிறது.

திருப்பூரில் ஒரு சிறிய பின்னலாடை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நூல் வாங்க வங்கி அதற்குப் பத்து லட்சம் ரூபாய் கடன் அனுமதிக்கிறது. அனுமதிக் கடிதம் கைக்கு வந்த நாளில் எம்-3 ஒரு பைசாகூட ஏறாது. முதலாளி அந்த வரம்பிலிருந்து கோவை நூற்பாலைக்குப் பத்து லட்சத்தை அனுப்பும் நொடியில்தான் ஏறுகிறது. வங்கியின் சொத்துப் பக்கத்தில் பத்து லட்சம் ரூபாய்க் கடன் என்று ஒரு புதிய வரி. நூற்பாலையின் கணக்கில் பத்து லட்சம் ரூபாய் டெபாசிட் என்று இன்னொரு வரி. இந்தப் பத்து லட்சத்துக்காக வேறு எந்த வாடிக்கையாளரின் இருப்பும் ஒரு ரூபாய் குறையவில்லை. நேற்று இல்லாத பணம் இன்று இருக்கிறது.

நூற்பாலைக்கு வேறு வங்கியில் கணக்கு என்றால், திருப்பூர் வங்கி ரிசர்வ் வங்கியில் உள்ள தன் இருப்பிலிருந்து பத்து லட்சத்தை அந்த வங்கிக்கு மாற்ற வேண்டும். ஒரு வங்கிக்கு இருப்பு குறைகிறது, மற்றதற்குக் கூடுகிறது, எம்-0 மாறவில்லை. ஆனால் எம்-3 பத்து லட்சம் கூடிவிட்டது.

இனி அந்தப் பணம் உருமாறிக்கொண்டே போகும். நூற்பாலை சம்பளம் போடுகிறது. தொழிலாளர்கள் ஒரு லட்சத்தை ஏடிஎம்மில் எடுக்கிறார்கள். டெபாசிட் ஒரு லட்சம் குறைந்து ரொக்கம் ஒரு லட்சம் கூடுகிறது, எம்-3 அப்படியே. ஆலை நான்கு லட்சத்தை ஃபிக்சட் டெபாசிட்டில் போடுகிறது. எம்-1 நான்கு லட்சம் குறைகிறது, எம்-3 அப்படியே. யாரோ யாருக்கோ யுபிஐயில் அனுப்புகிறார்கள், எதுவுமே மாறாது. ஆறு மாதம் கழித்துத் துணி விற்ற பணம் வந்து, திருப்பூர் முதலாளி பத்து லட்சத்தைத் திருப்பிக் கட்டுகிறார். அன்று அந்தப் பத்து லட்சம் மறைகிறது. அது வங்கியின் கஜானாவுக்குப் போய்ச் சேர்வதில்லை. சொத்துப் பக்கத்து வரியும் கடன்பாட்டுப் பக்கத்து வரியும் ஒன்றாக அழிக்கப்படுகின்றன. ஆகவே நாட்டில் எம்-3 வளர வேண்டுமென்றால், அடைக்கப்படும் கடனைவிடப் புதிதாக எழுதப்படும் கடன் அதிகமாக இருக்க வேண்டும். அரசின் கடன் பத்திரங்களை வங்கிகள் வாங்குவதும், ரிசர்வ் வங்கி டாலர் வாங்குவதும்கூட எம்-3ஐ வளர்க்கும். ஆனால் இந்தியாவில் பெரும்பங்கு வங்கிக் கடனுடையதே.

தமிழ்நாட்டில் அடகுக் கடை, தனியார் தங்கக் கடன் நிறுவனம், சீட்டு என்று கடனுக்குப் பல வாசல்கள் உண்டு. இவை எவையும் இப்படிப் பணத்தைப் பிறப்பிப்பதில்லை. தங்கக் கடன் நிறுவனம் உங்களுக்கு ஐம்பதாயிரம் கொடுத்தால் அதன் வங்கிக் கணக்கில் ஐம்பதாயிரம் குறையும். சீட்டில் ஒருவர் எடுப்பது மற்றவர்கள் கட்டியது. இருக்கும் பணம் கை மாறுகிறது. அதே நகையை வங்கியில் அடகு வைத்தால் புதிய டெபாசிட் பிறக்கிறது. தன் கடன்பாட்டையே மக்கள் பணமாக ஏற்றுக்கொள்ளும் உரிமை வங்கிக்கு மட்டுமே இருக்கிறது என்பதுதான் வேறுபாடு.

அப்படியானால் வங்கி நினைத்த அளவுக்குக் கடன் எழுதிக்கொண்டே போகலாமா? முடியாது. நூற்பாலையின் வங்கிக்கு இருப்பை மாற்ற வேண்டியிருந்ததைப் பார்த்தோம். எல்லா வங்கிகளும் ஒரே வேகத்தில் கடன் கொடுத்தால் போவதும் வருவதும் சரியாகிவிடும். ஒரு வங்கி மட்டும் முந்தி ஓடினால் அதன் இருப்பு கரைந்துகொண்டே போகும். டெபாசிட்டுக்கு வட்டியைக் கூட்டியோ அழைப்புச் சந்தையில் கடன் வாங்கியோ அதை ஈடுகட்ட வேண்டும். ஒதுக்கீட்டு விகிதம் அதைவிடச் சிறிய தடை. 2025 நவம்பர் இறுதியிலிருந்து அது 3 சதவீதம். பத்து லட்சத்துக்கு முப்பதாயிரம். உண்மையில் கனமான தடை மூலதனம்தான். கடன் வராமல் போனால் நஷ்டத்தைத் தாங்க வேண்டியது பங்குதாரரின் பணம். இன்றைய விதிப்படி, முழு இடர் எடை கொண்ட பத்து லட்சம் ரூபாய்க் கடனுக்கு ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் அளவுக்கு மூலதனம் இருக்க வேண்டும். அதற்கும் மேல், திருப்பூர் முதலாளிக்கு ஆர்டர் இருக்க வேண்டும். கடன் வாங்க ஆள் இல்லாவிட்டால் மூலதனமும் இருப்பும் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

2016இன் இறுதி மாதங்கள் இதற்குப் பெரிய சோதனையாக அமைந்தன. டெபாசிட்தான் கடனைப் பிறப்பிக்கிறது என்பது சரியாக இருந்திருந்தால், வங்கிகளில் குவிந்த லட்சக்கணக்கான கோடிகள் கடன் வெள்ளமாக வெளியே வந்திருக்க வேண்டும். வட்டி வேகமாக இறங்கிக் கடன் பெருகும் என்ற எதிர்பார்ப்பு அன்று நிறையவே பேசப்பட்டது. அது நடக்கவில்லை. அந்த நிதியாண்டில் கடன் வளர்ச்சி முந்தைய ஆண்டைவிட மந்தமாகத்தான் இருந்தது. நவம்பர் 26 அன்று, செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் 11 வரை கூடிய டெபாசிட் முழுவதையும் தன்னிடம் ஒதுக்கி வைக்கும்படி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது உண்மை. ஆனால் டிசம்பர் 10 முதல் அது விலக்கப்பட்ட பிறகும் கடன் எழவில்லை. அரசுடைமை வங்கிகள் வாராக்கடனில் சிக்கி மூலதனம் கரைந்து நின்றன. பெருநிறுவனங்கள் பழைய கடனையே தாங்க முடியாமல் தவித்தன. குவிந்த டெபாசிட்டுக்கு எதிரே வங்கிகளின் சொத்துப் பக்கத்தில் இருந்தது ரிசர்வ் வங்கியில் போட்ட இருப்பும் அரசுப் பத்திரங்களும்தான். கைக்கு வந்த மருந்து மூலதனம்: 2017 அக்டோபரில் அரசுடைமை வங்கிகளுக்கு 2.11 லட்சம் கோடி ரூபாய் மூலதனத் திட்டம் அறிவிக்கப்பட்டது.

அந்தக் காலத்தின் ஒரு புள்ளிவிவரம் எளிதில் தவறாக வாசிக்கப்படக்கூடியது. எம்-3ஐ எம்-0ஆல் வகுத்தால் கிடைக்கும் விகிதத்தைப் பணப் பெருக்கி என்பார்கள். 2016 மார்ச்சில் 5.3 ஆக இருந்த அது, 2017 மார்ச்சில் 6.7 ஆனது. வங்கிகள் கடனை அள்ளிக் கொடுத்ததுபோலத் தோன்றும். நடந்தது வேறு. பழைய நோட்டுகள் திரும்பி வந்து, புதியவை அதே வேகத்தில் அச்சாகாததால் எம்-0 சுருங்கிப்போனது. வகுக்கும் எண் சிறுத்ததால் விடை பெருத்தது. புதிய நோட்டுகள் புழக்கத்துக்கு வந்ததும் விகிதம் மீண்டும் இறங்கியது.

இன்னொரு குழப்பம் 2024இல் எழுந்தது. கடன் வேகமாக வளர, டெபாசிட் பின்தங்குவதாக ரிசர்வ் வங்கியின் அன்றைய ஆளுநர் சக்திகாந்த தாஸ் எச்சரித்தார். மக்கள் மியூச்சுவல் ஃபண்டுக்கு ஓடுவதால்தான் டெபாசிட் குறைகிறது என்று பலர் முடிவு கட்டினார்கள். ஃபண்டில் போட்ட ஆயிரம் ரூபாய் பங்கு விற்றவரின் வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. வங்கி அமைப்பை விட்டு அது வெளியேறுவதில்லை. ஒரு வங்கிக்கு அது இழப்பாக இருக்கலாம், எல்லா வங்கிகளுக்கும் சேர்த்து இழப்பில்லை. டெபாசிட் உண்மையில் கசியும் இடங்கள் வேறு: மக்கள் ரொக்கமாக எடுப்பது, வரியாகப் போன பணம் அரசின் கணக்கில் ரிசர்வ் வங்கியிடம் தேங்குவது, ரிசர்வ் வங்கி டாலர் விற்று ரூபாயை உறிஞ்சுவது. அந்த இடைவெளியில் ஒரு பகுதி வெறும் கணக்கு மாற்றமும்கூட. 2023 ஜூலை 1 அன்று எச்டிஎஃப்சி வீட்டுக்கடன் நிறுவனம் எச்டிஎஃப்சி வங்கியோடு இணைந்தபோது, ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்த வீட்டுக்கடன்கள் ஒரே நாளில் வங்கிக் கடன் என்ற தலைப்புக்குக் கீழே வந்தன. அந்த நிறுவனம் அவற்றைப் பெரும்பாலும் கடன் வாங்கித் திரட்டிய பணத்தில் கொடுத்திருந்ததால், அவற்றுக்கு ஈடான அளவு புதிய டெபாசிட் பிறக்கவில்லை. அதனால்தான் ரிசர்வ் வங்கி அந்தக் காலத்துக் கடன் வளர்ச்சியை இணைப்பைச் சேர்த்து ஒன்றும் நீக்கி ஒன்றுமாக இரண்டு எண்களில் வெளியிட்டது.