ஹவுஸ் ஓனருக்கு நாலு வரி பிரெஞ்சு

லியோன் நகரில் படிக்கும் ஒரு தமிழ் மாணவியின் அறையில் ஹீட்டர் ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஹவுஸ் ஓனருக்கு எழுத வேண்டும். பிரெஞ்சில் பி1 மட்டம் வரை படித்திருக்கிறார். மனதில் ஓடும் வாக்கியம் இது: "போன வாரமே உங்களுக்கு எழுதியிருந்தும், நான் சொன்ன ஹீட்டர் இன்னும் சரிசெய்யப்படவில்லை, நீங்கள் வந்தே ஆக வேண்டும்." தமிழில் இது சரளமாகப் போகிறது. பிரெஞ்சில் அப்படியே எழுதப்போனால் ஒரே வாக்கியத்தில் நாலு இடத்தில் கால் இடறும்.

முதல் இடம் 'எழுதியிருந்தும்'. இதற்கு 'பியாங் க' போட்டுத் தொடங்கத் தோன்றும். போட்டால் பின்னால் வரும் வினை சப்ஜங்க்டிவ் வடிவத்துக்கு மாற வேண்டும். இங்கே 'ழெ வூ ஸே ஏக்ரி' என்பது சாதாரண வடிவத்திலும் சப்ஜங்க்டிவிலும் காதில் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் விழும். ஆனால் எழுத்தில் துணைவினையின் கடைசியில் ஓர் 'இ' கூடும். பேசும்போது மறைந்துபோகிற தவறு, காகிதத்தில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, 'நான் சொன்ன'. இதற்குத் 'தோங்' என்ற இணைப்புச் சொல் வேண்டும். 'க' போடுவதா 'தோங்' போடுவதா என்ற குழப்பம் பி1 மாணவர்களை எளிதில் விடாது. மூன்றாவது, 'சரிசெய்யப்படவில்லை' என்ற செயப்பாட்டுவினை. இதில் வினையின் கடைசி எழுத்து எழுவாயின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும். நாலாவது, 'வந்தே ஆக வேண்டும்'. 'இல் ஃபோ க' என்று தொடங்கினால் மறுபடியும் சப்ஜங்க்டிவ். போதாக்குறைக்கு, ஓனருக்கு உத்தரவு போடுவதுபோலவும் இருக்கும்.

இப்போது அதே சேதியை உடைத்து எழுதலாம். 'ழெ வூ ஸே ஏக்ரி லா ஸ்மேன் தெர்னியேர்.' போன வாரம் உங்களுக்கு எழுதினேன். 'மே லெ ஷோஃபாழ் ந மார்ஷ் தூழூர் பா.' ஆனால் ஹீட்டர் இன்னும் வேலை செய்யவில்லை. 'இல் ஃபே ஃப்ருவா தாங் மா ஷாம்ப்ர்.' அறை குளிராக இருக்கிறது. 'எஸ் க வூ பூரியே பாஸே ஸெத் ஸ்மேன்?' இந்த வாரம் வந்து பார்க்க முடியுமா? நாலு வரியில் சப்ஜங்க்டிவ் ஒன்றுகூட இல்லை. 'பூரியே' என்பது கண்டிஷனல்தான். ஆனாலும் மரியாதைக்கு எல்லாரும் சொல்லும் வடிவம் என்பதால் அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

தமிழருக்கென்று தனியாக ஒரு பொறி உண்டு. 'எழுந்து, குளித்து, பஸ் பிடித்துப் போனேன்' என்று வினையெச்சங்களைக் கோத்துப் பழகியவர்கள், பிரெஞ்சிலும் 'ஆங்' என்று முடியும் வடிவங்களால் கோக்கப் பார்ப்பார்கள். முன்னால் 'ஆங்' சேர்த்து வரும் ஜெரொண்டிஃப் பெரும்பாலும் இரண்டு செயல் ஒரே நேரத்தில் நடப்பதைச் சொல்வது. அதில் எழுதினால் எழுந்துகொண்டே குளித்ததாகிவிடும். மூன்று வினையையும் முழு வினைமுற்றாக எழுதி, கடைசிக்கு முன் 'ப்வீ' (பிறகு) சேர்த்தால் போதும்.

இதேபோல 'அதற்காக' என்று சொல்ல 'பூர் க' வேண்டாம். 'பூர்' போட்டு வினையின் மூலவடிவத்தை எழுதலாம். இரண்டு செயலையும் செய்பவர் ஒருவராக இருந்தால்தான் இது செல்லும். ஆள் மாறினால் இரண்டு வாக்கியமாகப் பிரித்துவிடுங்கள்.

எதற்கும் ஓர் எல்லை உண்டு. டெல்ஃப் பி1 தேர்வின் எழுத்துப் பகுதியில் 45 நிமிடத்தில் குறைந்தது 160 சொற்கள் எழுத வேண்டும். அதற்கு 25 மதிப்பெண். அங்கே மூன்று மூன்று சொல்லாக நறுக்கி வைத்தால் ஏ2 மட்டம்போலத் தெரியும். 'பார்ஸ் க', 'தோங்க்', 'கி' போன்ற இணைப்புகள் இருக்கத்தான் வேண்டும். இவை வினையின் வடிவத்தைக் கெடுக்காதவை. 'ஸி' (என்றால்) என்பதையும் எழுதலாம். 'ஸி'க்குப் பின் நிகழ்காலம், அடுத்த பாதியில் எதிர்காலம் என்ற ஒரே ஜோடியில் நின்றுகொள்ளுங்கள்.

தப்பிக்கவே முடியாத இடமும் ஒன்று இருக்கிறது. போதல், வருதல் போன்ற வினைகள் இறந்தகாலத்தில் 'எத்ர்' துணைவினையோடு வரும்போது, எழுதுபவர் பெண்ணென்றால் வினையின் கடைசியில் ஒலிக்காத ஓர் 'இ' சேர வேண்டும். 'வந்தேன்', 'போனேன்' இல்லாமல் கடிதம் ஏது? ஆகவே அனுப்புமுன் ஒருமுறை முழுக்கக் கடிதத்தைப் படிக்காதீர்கள். 'எத்ர்' வரும் இடங்களை மட்டும் தேடிப்பிடித்து, எழுவாய் ஆணா பெண்ணா, ஒருமையா பன்மையா என்று பாருங்கள். பொருளுக்காகப் படிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.