‘மொத்தமா எவ்வளவு ஆகும்?’

இன்டீரியர் வேலை எடுத்துச் செய்யும் எந்த நிறுவனத்துக்குப் போன் வந்தாலும் முதல் கேள்வி இதுதான்: “2 பி.எச்.கே. ஃபிளாட் சார், மொத்தமா எவ்வளவு ஆகும்?” நேரில் வந்து அளவெடுக்காமல் சொல்ல முடியாது என்றால், கேட்டவர் அடுத்த நிறுவனத்துக்குப் போன் போடுவார். வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொன்னால் அதுவே வாக்குறுதியாகிவிடும். அதனால்தான் பல நிறுவனங்கள் இணையதளத்தில் ஒரு மதிப்பீட்டுப் படிவம் வைக்கின்றன. நாலைந்து விவரங்களைத் தட்டினால் திரையில் தொகை வரும். அந்தத் தொகையை நம்பலாமா என்பது படிவம் எதைக் கேட்கிறது என்பதைப் பொறுத்தது.

வழக்கமாகச் செய்வது இது: ஃபிளாட்டின் சதுர அடியைக் கேட்டு, அதை ஒரு விலையால் பெருக்குவது. இங்கேயே கணக்கு தடம் மாறுகிறது. 900 சதுர அடி ஃபிளாட்டில் ஒருவர் சமையலறையை மட்டும் செய்வார். அதே அளவு ஃபிளாட்டில் இன்னொருவர் சமையலறை, மூன்று வார்ட்ரோப், பூஜை அலமாரி, டி.வி. யூனிட் என்று கேட்பார். தச்சு வேலைக்குக் கூலியும் பிளைவுட்டும் தரைப்பரப்பைப் பார்த்து ஆவதில்லை. அலமாரிகளின் முகப்பு, அதாவது அகலத்தை உயரத்தால் பெருக்கினால் வரும் சதுர அடிதான் விலையைத் தீர்மானிக்கிறது. படிவமும் அந்த அளவைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆனால் வாடிக்கையாளருக்கு அந்த அளவு தெரியாது. சாவியே இன்னும் கைக்கு வராதவரிடம் ‘உங்கள் சமையல் மேடை எத்தனை ரன்னிங் அடி?’ என்று கேட்டால் பாதியிலேயே மூடிவிட்டுப் போவார். அவருக்குத் தெரிந்ததை மட்டும் கேட்க வேண்டும். சமையலறை நேர்கோடா, ‘எல்’ வடிவமா, ‘யூ’ வடிவமா, எதிரெதிர் மேடையா என்று படம் காட்டினால் சட்டெனத் தொடுவார். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்றில் ஒன்றைச் சொல்வார். எத்தனை படுக்கையறைக்கு வார்ட்ரோப் வேண்டும், சாதாரண லேமினேட்டா, பளபளக்கும் அக்ரிலிக்கா என்பதற்கும் அவரிடம் பதில் உண்டு. இவற்றை அடியாக மாற்றும் பொறுப்பு நிறுவனத்துடையது. முடித்த வேலைகளின் வரைபடங்களை எடுத்துப் பார்த்து, ‘நடுத்தர எல் வடிவம்’ என்றால் தங்கள் அனுபவத்தில் எத்தனை அடி என்று ஒரு அட்டவணை போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விலைகள் உதாரணத்துக்குத்தான். நடுத்தர எல் வடிவச் சமையலறை என்பதைப் படிவம் 10 அடி, 8 அடி என்று எடுத்துக்கொள்கிறது. கூட்டினால் 18, ஆனால் மூலை இரண்டு பக்கத்திலும் எண்ணப்படுவதால் மேடையின் ஆழமான 2 அடியைக் கழித்து 16 என்று வைக்க வேண்டும். இந்தக் கழித்தல் விடுபட்டால் எல்லா மதிப்பீடும் சத்தமில்லாமல் ஏறிவிடும். மேடைக்குக் கீழே இரண்டரை அடி உயரத்துக்கு 40 சதுர அடி. மேலே ஜன்னலுக்கும் சிம்னிக்கும் 6 அடி போக, மீதி 10 அடியில் 2 அடி உயர அலமாரி 20 சதுர அடி. ஆக 60 சதுர அடி, 1,500 ரூபாய் வீதம் 90,000.

நம் ஊர்க் கட்டடங்களில் லாஃப்ட்டுக்குப் பெரும்பாலும் சிமென்ட் பலகை ஏற்கெனவே இருக்கும். கதவு மட்டும் போட்டால் போதும். அதனால் அதற்குத் தனி விலை: 32 சதுர அடி, 600 வீதம் 19,200. கூடை, கீல், டிராயர் சேனல் வகைக்கு 40,000. இரண்டு வார்ட்ரோப், ஒவ்வொன்றும் 6 அடி அகலம் 7 அடி உயரம். 1,300 வீதம் 1,09,200. அவற்றின் லாஃப்ட் கதவுக்கு 14,400, டி.வி. யூனிட்டுக்கு 35,000. மொத்தம் 3,07,800. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 3,63,204.

இந்தத் தொகையை அப்படியே திரையில் காட்டக் கூடாது. கடைசி நான்கு ரூபாய் வரை துல்லியமாக இருப்பதைப் பார்த்தால், அளவெடுத்துப் போட்ட கொட்டேஷன் என்றே வாடிக்கையாளர் நினைப்பார். கீழே 10 சதவீதம், மேலே 15 சதவீதம் விட்டு, ஐயாயிரத்துக்கு முழுமையாக்கிக் காட்ட வேண்டும். கணக்கு கூகுள் ஷீட்டில் இருந்தால், மொத்தம் B12 கட்டத்தில் இருப்பதாகக் கொண்டு:

```
=FLOOR(B12*0.9, 5000)
=CEILING(B12*1.15, 5000)
```

திரையில் வருவது ‘3.25 லட்சம் முதல் 4.20 லட்சம் வரை’. மேல்பக்கம் இடைவெளி அதிகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வேலை தொடங்கிய பிறகு செலவு ஏறுவதுதான் வழக்கம், இறங்குவது அபூர்வம். ஒவ்வொரு கேள்விக்கும் ‘தெரியாது’ என்று ஒரு பொத்தானும் இருக்கட்டும். அதைத் தொட்டால் வரம்பு இன்னும் விரிய வேண்டும். போனில் எதை முதலில் கேட்க வேண்டும் என்பது விற்பனைப் பிரிவுக்கு அதிலிருந்தே தெரிந்துவிடும்.

போன் நம்பரை எங்கே கேட்பது என்பதில்தான் நிறுவனங்கள் பதறுகின்றன. நம்பரைக் கொடுத்தால்தான் விலை என்று பூட்டு போட்டால், பத்து ஒன்பதுகளைத் தட்டிவிட்டு விலையைப் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. வரம்பை முதலில் காட்டிவிட்டு, ‘எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்ற பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?’ என்று கேட்டால் வரும் நம்பர்கள் குறையும். ஆனால் வருபவை பட்டியலை உண்மையில் எதிர்பார்ப்பவர்களின் நம்பர்கள். நம்பர் எதற்காக என்பதை அங்கேயே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

பட்ஜெட் கேள்விக்கும் இடம் முக்கியம். தொடக்கத்திலேயே கேட்டால், எவ்வளவு சொன்னாலும் அவ்வளவையும் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து குறைத்துச் சொல்வார்கள். வரம்பைப் பார்த்த பிறகு ‘இது உங்களுக்கு ஒத்துவருமா?’ என்று கேட்டால் உண்மை வரும். ‘கொஞ்சம் அதிகம்’ என்பவருக்கு, அக்ரிலிக்கை லேமினேட்டாக்கினால் எவ்வளவு குறையும் என்று அப்போதே கணக்கிட்டுக் காட்டலாம். இதோடு பின்கோடும் சாவி கிடைக்கும் மாதமும் சேர்ந்தால் விசாரணைகள் தாமாகப் பிரிந்துவிடும். வரம்பு ஒத்துவந்து, வேலை செய்யும் எல்லைக்குள் வீடு இருந்து, மூன்று மாதத்துக்குள் சாவி வருகிறதென்றால் அன்றே பேச வேண்டும். சாவி வர ஒரு வருடம் ஆகும் என்பவரை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு பிறகு அழைக்கலாம். எல்லைக்கு வெளியே இருப்பவருக்குத் திரையிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

படிவம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பழைய பில்களே போதும். முடித்த பத்து வேலைகளை எடுத்து, வாடிக்கையாளர் முதல் நாள் சொன்ன விவரங்களை மட்டும் படிவத்தில் இட வேண்டும். நடுவில் அவராகக் கூட்டிய வேலைகளைக் கடைசி பில்லிலிருந்து கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும். மூன்று நான்கு வேலைகள் வரம்பைத் தாண்டினால், வரம்பை அகலமாக்குவதற்கு முன் எந்த வரி தவறியது என்று தேட வேண்டும். பெரும்பாலும் அது கூடை, சேனல் வரியாக இருக்கும். அங்கே ஒரே தொகையை எல்லோருக்கும் வைத்திருப்பார்கள். ‘யூ’ வடிவத்துக்கு அது போதாது.

சுவரில் ஓதம் இருப்பதும், மூலை நேராக இல்லாததும், பலகை லிஃப்ட்டில் நுழையாததும் எந்தப் படிவத்துக்கும் தெரியப்போவதில்லை. ஆகவே ‘இது மதிப்பீடு, சைட்டைப் பார்த்த பின்பே கொட்டேஷன்’ என்ற வரி தொகைக்குக் கீழேயே அதே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். பிளைவுட் விலை மாறும்போது அட்டவணையும் மாற வேண்டும். ஒவ்வொரு விசாரணையோடும் அது எந்தத் தேதி விலையில் போட்ட கணக்கு என்பதும் பதிவாக வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒருவர் பழைய ஸ்கிரீன்ஷாட்டோடு வந்து நிற்கும்போது, தொகை ஏன் மாறியது என்று வரிவரியாகக் காட்ட அந்தத் தேதி வேண்டும்.