நிகழ்ச்சி ஓட்டத்தாள்

நிகழ்ச்சி ஓட்டத்தாள் என்பது, விழாத் திட்டப் படவில்லைகளில் உள்ள அங்கங்களை நேரம், சைகை, பொறுப்பாளர் எனும் நிரல்களாக விரித்தெழுதும் அட்டவணை ஆகும்.

எடுத்துக்காட்டாக, ஒரு கல்லூரி ஆண்டுவிழாவின் படவில்லையில் "6.30 பரிசளிப்பு, 6.40 நடனம்" என்று இருப்பதாகக் கொள்வோம். 40 மாணவர்களுக்குத் தலா 30 நொடி எனில், பரிசளிப்புக்கு 20 நிமிடம் தேவை. எனவே ஓட்டத்தாளில் நடனம் 6.50 எனத் திருத்தப்படும்.

விழா மேலும் தாமதமாகலாம் என்பதால், சைகை கடிகார நேரமாக அன்றி மேடையில் காணும் நிகழ்வாகவே எழுதப்படும். 35ஆம் பெயர் வாசிக்கப்பட்டதும் மேடை மேலாளர் நடனக் குழுவினரைத் திரைக்கருகில் நிறுத்துவார். விருந்தினர் மேடையை விட்டு இறங்கியதும் ஒலிப் பொறுப்பாளர் இசையைத் தொடங்குவார்.

ஒரு வரியில் இருவர் பெயர் இருப்பின், மற்றவர் செய்வார் என இருவருமே இருந்துவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு வரிக்கும் ஒருவரே பொறுப்பாளராகக் குறிக்கப்படுவார்.