70 எழுத்தில் ஒரு நாள் சந்தை

"தக்காளி இன்னைக்கு 340" என்று விவசாயிகள் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. எந்தச் சந்தை, எத்தனை கிலோ பெட்டி, எத்தனை மணிக்கு விற்ற விலை என்று எதுவும் அதில் இல்லை. அதை நம்பி ஒருவர் ஆள் வைத்துப் பழம் பறித்துவிட்டால், பறிகூலியும் வண்டி வாடகையும் அவர் தலையில்தான்.

கூட்டுறவுக் குழு அன்றாடம் அனுப்பும் செய்திக்கு ஒரே அச்சு இருந்தால் இதைத் தடுக்கலாம். அளவை 70 எழுத்தாக வைத்துக்கொள்வது நல்லது. பட்டன் போனுக்குப் போகும் ஒரு குறுஞ்செய்தியில் தமிழ் அவ்வளவுதான் கொள்ளும். கால், கொம்பு, புள்ளி, இடைவெளி எல்லாம் அதில் தனித்தனி எழுத்தாகவே சேரும். அதற்கு மேல் போனால் இரண்டு செய்திக்கான கட்டணம். ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி அனுப்பும் குழு ஒன்றின் செய்தி இப்படி இருக்கலாம். விலைகள் உதாரணத்துக்கு மட்டும்:

```
12.9 தக்காளி ஒட்டன் 14கி 200-340 பரவல் 260 11மணி வரத்து கூட
```

இதில் என் கண் முதலில் போவது 'பரவல் 260' என்ற இடத்துக்குத்தான். 340 என்பது பொறுக்கியெடுத்த சில பெட்டிகளுக்குக் கிடைத்திருக்கலாம். 200 வெடித்த பழத்தின் விலையாக இருக்கலாம். பெரும்பாலான பெட்டிகள் எந்த விலைக்குப் போயினவோ அதுதான் பரவல் விலை. மத்திய அரசின் அக்மார்க்நெட் தளமும் குறைந்தது, அதிகம், பரவல் என மூன்று விலைகளைத் தருகிறது. ஆனால் குவிண்டால் கணக்கில். பெட்டி 260 என்றால் அங்கே அது சுமார் 1,857 ரூபாய்.

அடுத்தது '14கி'. பெட்டி எல்லாச் சந்தையிலும் ஒரே எடை இல்லை. 15 கிலோப் பெட்டி ஓடும் இன்னொரு சந்தையில் 280 என்று கேட்டதும் 20 ரூபாய் கூடுதலாகத் தோன்றும். கிலோவுக்குப் பிரித்தால் இங்கே 18.57, அங்கே 18.67. பத்துப் பைசா வித்தியாசத்துக்காகத் தூரத்துச் சந்தைக்கு வண்டி அனுப்பினால் நஷ்டம்தான்.

கைக்கு வருவது எவ்வளவு? கமிஷன் பத்து சதவீதம், வண்டிக்கும் இறக்குகூலிக்கும் பெட்டிக்கு 20 ரூபாய் என்று வைத்தால், 260 ரூபாய்ப் பெட்டிக்கு 214 நிற்கும். 340-ஐ நம்பிப் பறித்தவர் 286 வரும் என்று கணக்குப் போட்டிருப்பார். ஐம்பது பெட்டியில் அந்த வித்தியாசம் 3,600 ரூபாய்.

வானிலைக்குத் தனிச் செய்தி:

```
12.9 மழை 18மிமீ காலை 8.30வரை. நாளை: ஓரிரு இடம் இடிமழை-வா.மையம்
```

முதல் பாதி நம் ஊரில் அளந்தது, இரண்டாவது பாதி வானிலை மையம் கணித்தது. இரண்டையும் கலக்கவே கூடாது. இந்திய வானிலைத் துறை காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்ததை ஒரு நாள் மழையாகக் கணக்கிடுகிறது. நம் மழைமானியையும் அதே நேரத்தில் பார்த்துக் கொட்டினால்தான் இரண்டு கணக்கும் ஒத்துப்போகும். 18 மில்லிமீட்டர் என்றால் ஒரு ஏக்கரில் ஏறக்குறைய 73,000 லிட்டர் தண்ணீர். அன்று சொட்டுநீர் திறக்க வேண்டுமா என்று யோசிக்கலாம். காய்ந்து கிடந்த நிலத்தில் திடீரென்று இவ்வளவு மழை இறங்கினால் பழுத்த தக்காளி வெடிக்கும். அதனால் மழை வரும் என்ற செய்தி கிடைத்ததும் செங்காயாகவே பறிப்பது ஒரு வழி. மருந்து அடிக்க இருந்தவர்கள் தள்ளிவைப்பார்கள்.

'ஓரிரு இடம்' என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு பகுதியிலுள்ள மழை அளவு நிலையங்களில் கால்வாசி வரை மழை பதிவாகலாம் என்பதே அதன் பொருள். முக்கால்வாசி ஊர்கள் காய்ந்து கிடந்தாலும் கணிப்பு பொய்யாகிவிடாது. குழுவில் சேரும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.

இந்த அச்சு கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே வழியில்தான். சந்தைக்குப் போன் போகாத நாளில், நேற்றைய விலைக்கு இன்றைய தேதியைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அன்று 'விலை தெரியவில்லை' என்று அனுப்புவதே சரி. தவறான எண் போய்விட்டால், 'திருத்தம்' என்று தொடங்கி முழு வரியையும் மறுபடி அனுப்ப வேண்டும். எண்ணை மட்டும் அனுப்பினால் அது எந்தப் பயிருக்கு, எந்தச் சந்தைக்கு என்று யாருக்கும் விளங்காது.

விலை சொல்பவர் நேர்மையாகச் சொல்கிறாரா என்று பார்க்கவும் வழி உண்டு. வாரம் ஒருமுறை நான்கைந்து உறுப்பினர்களின் மண்டி பில்லை வாங்கி, அந்தந்த நாளின் பரவல் விலையோடு ஒப்பிடலாம். பில் விலை சில நாள் மேலேயும் சில நாள் கீழேயும் நின்றால் கவலையில்லை. எப்போதும் கீழேயே நின்றால், அவர் நல்ல பெட்டிகளின் விலையை மட்டும் கேட்டுச் சொல்கிறார். அப்போது வேறொரு மண்டியிலும் விசாரித்த பிறகே விலையை அனுப்ப வேண்டும்.