வேலை போனவருக்கு எழுதும் நாலு வரி

எனக்கு வேலை போனது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணிக்கு ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டரைக்கு லேப்டாப்பும் அடையாள அட்டையும் என் கையில் இல்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் பஸ்ஸுக்கு நின்றபோதே போனில் செய்திகள் வந்து விழ ஆரம்பித்தன. இரவுக்குள் நாற்பதுக்கு மேல்.

எல்லாமே நல்ல மனதோடு எழுதியவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் படிக்கப் படிக்க என் துக்கத்துக்கு நானே வந்து நிற்பதுபோல இருந்தது. “கேட்டதும் மனசே உடைஞ்சு போச்சு”, “நீங்க இல்லாத டீமை நினைச்சே பாக்க முடியல”, “ஈடுகட்ட முடியாத இழப்பு”. இவையெல்லாம் சாவு வீட்டுச் சொற்கள். எழுதியவர்களின் மனம் கனத்திருக்கிறது என்பது தெரிந்தது. ஆகவே, “பரவாயில்லைங்க, நான் நல்லாத்தான் இருக்கேன்” என்று ஒவ்வொருவருக்கும் பதில் போட்டு, நான்தான் அவர்களைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு வகைச் செய்தியும் இருந்தது: “எதுனாலும் தயங்காம கேளுங்க.” எழுதுவதற்கு இது எளிது. வாங்கிக்கொள்பவருக்கோ இது ஒரு வேலை. இவரால் என்ன முடியும் என்று யோசித்து, கேட்டால் சங்கடப்படுவாரோ என்று எடைபோட்டு, பிறகு வாய் திறந்து கேட்க வேண்டும். சம்பளம் நின்ற வாரத்தில் வாய் திறப்பது எல்லாருக்கும் வருவதில்லை. அப்படிச் சொன்னவர்களில் ஒருவரிடம்கூட நான் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை வந்த ஒரு குறிப்பு மட்டும் வேறு மாதிரி இருந்தது. அனுப்பியவர் கீழ்மாடி சப்போர்ட் டீமில் இருந்த ஒரு இளைஞர். வருஷத்துக்கு நாலைந்து தடவை பேசியிருப்போம், அவ்வளவுதான்.

“அக்கா, நேத்துதான் கேள்விப்பட்டேன். போன மார்ச் ரிலீஸ் அன்னிக்கு ராத்திரி, பில்லில வரி ரெண்டு தடவை சேருதுன்னு நீங்க கண்டுபிடிச்சீங்க. அதனால காலைல கஸ்டமர் போன் ஒண்ணுகூட எங்களுக்கு வரல. அப்புறம் நீங்க எழுதிக் கொடுத்த செக்லிஸ்ட்டைத்தான் இன்னிக்கும் பாக்கறோம். அப்பவே நன்றி சொல்லியிருக்கணும். என் பழைய மேனேஜர் இப்ப பெருங்குடியில ஒரு கம்பெனியில இருக்கார், டெஸ்டிங்குக்கு ஆள் எடுக்கறாங்க. உங்களுக்குச் சரின்னா ரெஸ்யூமே அனுப்புங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள அவர்கிட்ட சேத்துடறேன். நீங்க சொல்லாம யாருக்கும் அனுப்ப மாட்டேன். மேல சொன்னதையே லிங்க்ட்இன்ல சிபாரிசா எழுதறேன், முதல்ல நீங்க பாத்துத் திருத்துங்க. பதில் மெதுவா போடுங்க.”

இதில் ஐயோ பாவம் என்ற தொனி ஓரிடத்திலும் இல்லை. நன்றி சொன்னவர், எதற்கென்று சொன்னார். மாதம், ராத்திரி, பிழை, அதனால் யாருக்கு என்ன மிச்சமானது என்று எல்லாம் இருந்தது. அன்று மாலை ரெஸ்யூமே எழுத உட்கார்ந்தபோது இன்னொன்றும் புரிந்தது. பதினொரு வருஷ வேலையில் நான் என்ன சாதித்தேன் என்று எனக்கே ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வேலை போன அதிர்ச்சி அப்படித்தான் செய்யும். அந்த இளைஞர் எழுதிய நன்றியை அப்படியே மாற்றி என் ரெஸ்யூமேயின் முதல் வரியாகப் போட்டேன். “நீங்க ரொம்பத் திறமைசாலி” என்று எழுதியிருந்தால் அதைக் கொண்டு நான் எதுவும் செய்திருக்க முடியாது. குறிப்பாகச் சொல்லும் நன்றிதான் முதல் உதவி.

அடுத்தது அவர் சொன்ன தேதி. வேலை வாங்கித் தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை, அது அவர் கையில் இல்லை. ரெஸ்யூமேயை ஒருவரிடம் சேர்ப்பது அவர் கையில் இருந்தது. அதற்குத்தான் நாள் குறித்தார். இதில் வெளியே தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. பல ஐ.டி. நிறுவனங்களில், ஒருவர் தானாகவே விண்ணப்பித்துப் பதிவாகிவிட்டால், அதன்பிறகு உள்ளே இருக்கும் ஊழியர் செய்யும் பரிந்துரை செல்லாது. வேலை போன பதற்றத்தில் முதல் இரண்டு நாளிலேயே கண்ட இடத்துக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுவிடுவார்கள். ஆகவே உங்கள் நிறுவனத்திலோ நண்பரின் நிறுவனத்திலோ பரிந்துரைக்க முடியும் என்றால், “அங்கே மட்டும் நீங்களா விண்ணப்பிக்காதீங்க, நான் உள்ளிருந்து போடறேன்” என்று உடனே எழுதுங்கள். அவர் அனுமதி இல்லாமல் ரெஸ்யூமேயை வாட்ஸாப் குழுக்களில் சுற்றுக்கு விடாதீர்கள். வேலை போனதை அவர் இன்னும் வீட்டிலேயே சொல்லாமல் இருக்கலாம்.

சிபாரிசை உங்கள் சொந்தப் பெயரில் எழுதுங்கள். நிறுவனத்தின் பெயரில் சான்று கொடுக்கும் அதிகாரம் சக ஊழியருக்குக் கிடையாது. வாடிக்கையாளர் நிறுவனத்தின் பெயரையும் அதில் எழுத வேண்டாம். குறிப்பை அலுவலக மெயிலுக்கு அனுப்பிப் பயனில்லை. அநேகமாக அது அன்றே முடக்கப்பட்டிருக்கும்.

ஆள் எடுக்கும் இடம் எதுவும் தெரியாதவர்கள் தகவலாக ஒன்றைக் கொடுக்கலாம். என் தோழி ஒருத்தி, மருத்துவக் காப்பீட்டைப் பற்றி மட்டும் எழுதியிருந்தாள். நிறுவனம் எடுத்துக் கொடுக்கும் குழுக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அப்பா அம்மாவையும் அதில் சேர்த்திருந்தால் அவர்களுக்கும் அன்றோடு சரி. அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற வழி இருக்கிறது, ஆனால் கவர் முடிவதற்குள் விசாரிக்க வேண்டும். பி.எஃப். தளத்தில் வேலையை விட்ட தேதியை நிறுவனம் பதிந்திருக்கிறதா என்று பார்க்கும்படியும் சொன்னாள். அது பதியாமல் இருந்தால் பணம் எடுப்பது இழுத்தடிக்கும். இரண்டும் எனக்குத் தோன்றியிருக்கவே தோன்றாது.

“எனக்கு அவங்களோட அவ்வளவு பழக்கமில்லையே, நான் எழுதினா நல்லா இருக்குமா?” என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், அறிந்தவர் மூலம் புது வேலைக்குப் போனவர்களிடம் பேசி 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தகவல் தந்தவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்து வந்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் என்றவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்கள் எப்போதாவது, அல்லது மிக அரிதாகப் பார்ப்பவர்களையே சொன்னார்கள். காரணம் எளிது. நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்த இடங்கள் நமக்கும் தெரிந்திருக்கும். கீழ்மாடிக்காரருக்குத் தெரிந்த பெருங்குடி மேனேஜர் நமக்குத் தெரியமாட்டார்.

அந்தப் பெருங்குடி வேலை எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த மேனேஜர், தரமணியில் இன்னொருவரின் எண்ணைக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து நான் சேர்ந்தது அங்கேதான்.

இடையில் கடினமாக இருந்தது முதல் வாரம் அல்ல, நாலாவது வாரம். அதற்குள் போன் அடிப்பது நின்றுவிட்டிருந்தது. எப்போதாவது வந்த அழைப்பும் “வேலை கிடைச்சுதா?” என்று கேட்டது, அதற்கு இல்லை என்று மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. சப்போர்ட் டீம் இளைஞர் அப்படிக் கேட்கவில்லை. “அக்கா, சனிக்கிழமை எனக்கு லீவு. இன்டர்வியூ மாதிரி ஒரு மணி நேரம் கேள்வி கேக்கவா?” என்று எழுதினார்.

உங்கள் அலுவலகத்தில் இந்த வாரம் யாருக்காவது வேலை போயிருந்தால், இன்றைக்கே நாலு வரி அனுப்புங்கள். அனுப்பிய கையோடு, நாலாவது வாரத்தில் ஒரு நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.