மஞ்சள் எந்த இடத்தில் சிவக்கிறது?

ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு துளி சுண்ணாம்பு சேர்ந்ததும் நீர் சிவந்துவிடும். சாம்பார் சிந்திய வெள்ளைச் சட்டையில் சோப்பைத் தேய்த்தாலும் கறை சிவக்கும். நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும். பள்ளிகளில் செய்யச் சொல்லும் ‘மஞ்சள் ஓர் இயற்கை நிறங்காட்டி’ ஆய்வு இந்த வேதியியலைத்தான் காகிதத்தில் காட்டுகிறது.

அந்த ஆய்வறிக்கைகளில் வழக்கமாக இப்படி ஓர் அட்டவணை இருக்கும். எலுமிச்சைச் சாறு: மஞ்சள், எனவே அமிலம். தண்ணீர்: மஞ்சள், எனவே நடுநிலை. சோப்பு நீர்: சிவப்பு, எனவே காரம். முதல் இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்தால் சிக்கல் தெரியும். நிறம் ஒன்றுதான், முடிவு மட்டும் இரண்டாக இருக்கிறது. காகிதம் சொல்லாத ஒன்றை மாணவர் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்து எழுதிவிட்டார். மஞ்சள் காகிதத்துக்குக் காரத்தை மட்டுமே தெரியும். அமிலத்தையும் வெறும் தண்ணீரையும் பிரித்துக் காட்ட அதனால் முடியாது.

காரணம் குர்குமின். மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள் அதுதான். அந்த மூலக்கூறின் இரு முனைகளிலும் எளிதில் கழன்றுபோகக்கூடிய ஹைட்ரஜன் உண்டு. கரைசல் காரமாக மாறும்போது அது ஹைட்ரஜனைப் பறிக்கிறது. உடனே மூலக்கூறு விழுங்கும் ஒளி மாறிவிடுகிறது. முன்பு நீல ஒளியை விழுங்கி மஞ்சளாகத் தெரிந்தது, இப்போது பச்சைப் பக்கம் நகர்ந்து விழுங்குவதால் செம்பழுப்பாகத் தெரிகிறது. இந்த மாற்றம் பி.எச். 7.4 அளவில் தொடங்கி 8.6 அளவில் முடிகிறது. 7.4க்குக் கீழே நடுநிலையான 7 இருந்தாலும், எலுமிச்சையின் 2 இருந்தாலும், நிறம் அதே மஞ்சள்தான். 8.6க்கு மேலே போனால் சோப்பா, சுண்ணாம்பா என்று அது பிரித்துச் சொல்லாது.

காகிதம் செய்வது சுலபம். குர்குமின் தண்ணீரில் கரையாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. தண்ணீரில் கலக்கினால் தூள் மிதக்கும், காகிதம் திட்டுத்திட்டாகும். மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் 50 மில்லியில் ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூளைக் கலக்கி, தெளியவிட்டு, மேலே நிற்கும் சாயத்தில் வடிதாளை நனைத்து நிழலில் உலர்த்த வேண்டும். ஸ்பிரிட் பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது.

இதற்கு மேல் ஆய்வு என்று சொல்லத்தக்கதைச் செய்ய வேண்டுமானால், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பே போதும். அரை டீஸ்பூன் சுண்ணாம்பை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி மூடிவைத்தால், சில மணி நேரத்தில் அடியில் மண்டி தங்கி மேலே தெளிநீர் நிற்கும். அந்தத் தெளிநீரின் பி.எச். சுமார் 12.4. கண்ணில் பட்டால் ஆபத்து. பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். ஊசி இல்லாத சிரிஞ்சில் 1 மில்லி எடுத்து 9 மில்லி தண்ணீரில் கலந்தால் பத்து மடங்கு நீர்க்கிறது, பி.எச். ஏறத்தாழ ஒன்று இறங்குகிறது. அதிலிருந்து 1 மில்லி எடுத்து மறுபடி 9 மில்லியில் கலக்கலாம். இப்படிப் போனால் டம்ளர்களில் 12.4, 11.4, 10.4, 9.4, 8.4 என்று வரிசையாக நிற்க வேண்டும். கணக்குப்படி நான்கு டம்ளர்கள் சிவப்பாகவும் ஐந்தாவது இடைநிறமாகவும் இருக்க வேண்டும்.

செய்து பார்த்தால் அப்படி வராது. மூன்றாவதிலேயே சிவப்பு மங்கலாம். நான்காவது மஞ்சளாகவே நின்றால் ஆச்சரியமில்லை. ஆய்வின் சாரமே இங்கேதான் இருக்கிறது, ஆனால் பல மாணவர்கள் ‘தவறாகிவிட்டது’ என்று இந்த வரிகளைத்தான் அடித்துவிடுகிறார்கள். கிணற்று நீர், போர் நீர் இரண்டிலும் பைகார்பனேட் நிறைய இருப்பதால் நீர்த்த சுண்ணாம்பை அது தின்றுவிடும். எனவே பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் வேண்டும். அதிலும் காற்றிலிருந்து கரைந்த கரியமில வாயு கொஞ்சம் இருக்கும். மிகவும் நீர்த்த டம்ளரில் உள்ள சொற்பக் காரத்துக்கு அதுவே பெரிய எதிரி.

மூன்றாவது காரணம் காகிதமேதான். காகிதத்தில் வைக்கும் ஒரு சொட்டில் இருக்கும் காரத்தைவிட, அந்த இடத்தில் ஊறியிருக்கும் குர்குமின் அதிகமாக இருக்கலாம். சிவக்க வேண்டிய மூலக்கூறுகளில் பாதிக்குக்கூடக் காரம் போதாது. மாற்றிச் செய்து பாருங்கள்: 10 மில்லி கரைசலில் சாயத்தை ஒரே ஒரு சொட்டு விடுங்கள். காகிதத்தில் மங்கிய மூன்றாவது டம்ளர் இப்போது தெளிவாகச் சிவக்கும். நீர்த்த கரைசலைச் சோதிக்க இதுவே ஒழுங்கான வழி.

நிறத்தை ஒரு நிமிடத்துக்குள் குறித்துக்கொள்ள வேண்டும். காரத்தில் குர்குமின் நிலைத்திருக்காது, சிதைந்துகொண்டே போகும். நேரம் கழித்துப் பார்த்தால் பழுப்புக் கறைதான் இருக்கும். சிவப்பு காரத்தால்தான் வந்தது என்று உறுதிசெய்ய, உடனே ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடலாம். மஞ்சளாகத் திரும்பினால் காரம். கேரம் பலகையில் தூவும் போரிக் அமிலத்தைக் கொஞ்சம் அமிலம் சேர்த்துக் காகிதத்தில் உலரவிட்டாலும் செம்பழுப்பு வரும். அது காரமே அல்ல, போரான் குர்குமினோடு சேர்ந்து உண்டாக்கும் வேறொரு சேர்மம். அந்தச் சிவப்பு எலுமிச்சைக்கு அசையாது.

இனி ஆப்ப சோடா. அட்டவணையில் பலரும் இதற்கு நேரே ‘சிவப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள், காரம் என்று படித்திருப்பதால். புதிதாகக் கரைத்த ஆப்ப சோடாவின் பி.எச். சுமார் 8.3. மஞ்சள் மாறத் தொடங்கி இன்னும் முழுதாக மாறி முடியாத இடம் அது. ஆரஞ்சு கலந்த ஒரு குழப்பமான நிறம்தான் வரும். அதே கரைசலை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டுச் சோதித்தால் நிறம் இன்னும் சிவக்கும். கொதிக்கும்போது கரியமில வாயு வெளியேறி, ஆப்ப சோடாவில் ஒரு பகுதி சலவை சோடாவாகிவிடுகிறது. சலவை சோடா அதைவிட வலிய காரம்.

அறிக்கையின் முடிவுரையில் ‘சுண்ணாம்பு நீரின் பி.எச். 12 என்று மஞ்சள் காட்டியது’ என்று எழுதினால் அது பொய். ‘பி.எச். ஏறத்தாழ 8.6க்கு மேல்’ என்று மட்டுமே மஞ்சள் சொல்லும். மஞ்சளாகவே நின்றவற்றில் எது அமிலம் என்று அறியச் செம்பருத்திப் பூச்சாற்றை இரண்டாவது நிறங்காட்டியாகச் சேர்க்கலாம், அமிலத்தில் அது அடர் இளஞ்சிவப்பாகும். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆப்ப சோடாவுக்கு நேரே ‘சரியாகத் தெரியவில்லை, ஆரஞ்சு போல இருந்தது’ என்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். உண்மையில் கரைசலைப் பார்த்து எழுதியவர் அவர்தான்.